பொருள் மாறினால் பழைய லிஸ்டிங்கைத் திருத்துவதா, புதிதாகப் போடுவதா?

அமேசானில் 500 கிராம் சத்துமாவு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ரிவ்யூ நன்றாகச் சேர்ந்திருக்கிறது. இப்போது மூன்று மாற்றம் செய்யப் போகிறீர்கள்: பவுச்சின் அளவும் டிசைனும் மாறுகிறது, எடை 400 கிராமாகக் குறைகிறது, கலவையில் வேர்க்கடலையும் முந்திரியும் சேர்கின்றன. பழைய பக்கத்திலேயே படத்தையும் தலைப்பையும் மாற்றிவிட்டால் ரிவ்யூ அப்படியே கிடைக்குமே என்றுதான் முதலில் தோன்றும். மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் மூன்றுக்கும் ஒரே விடை வராது.

அதற்கு முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அமேசானில் ரிவ்யூ ஒட்டிக்கொண்டிருப்பது ASIN என்ற பத்து எழுத்து எண்ணோடு. அந்த எண் ஒரு குறிப்பிட்ட பொருளுக்கு உரியது. தலைப்பைத் திருத்தினாலும் அது மாறாது, பழைய ரிவ்யூவும் போகாது. வேறு பொருளை அதே ASIN-இல் ஏற்றினால், அந்த ரிவ்யூக்கள் எல்லாம் யாரும் சாப்பிட்டே பார்க்காத பொருளைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடும். அமேசானின் விதி இதைத் தடுக்கிறது. பிடிபட்டால் லிஸ்டிங் முடக்கப்படலாம்.

படி 1: இரண்டு லேபிளையும் பக்கத்தில் வையுங்கள்

பழைய பாக்கெட், புதிய பாக்கெட் இரண்டையும் மேசையில் வைத்து, வேறுபாடுகளை வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். பக்கத்தைப் பார்த்து எழுதக் கூடாது, பாக்கெட்டைப் பார்த்து எழுத வேண்டும். காரணம், பக்கத்தில் முன்பே தவறு இருக்கலாம். பாக்கெட்டில் முதலிலிருந்தே 500 கிராம் என்றிருந்து, பக்கத்தில் மட்டும் 550 என்று தட்டச்சாகியிருந்தால், அங்கே பொருள் மாறவில்லை. அதைத் திருத்துவதுதான் சரி. புது லிஸ்டிங் போட்டால் ஒரே பொருளுக்கு இரண்டு பக்கம் ஆகிவிடும், அதுவும் விதிமீறல்தான்.

படி 2: பவுச்

உள்ளே இருப்பது அதேதான், வெளியுறை மட்டும் மாறுகிறது என்றால் பொதுவாகத் திருத்தினால் போதும். ஆனால் டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள். பார்கோடு எண்களை வழங்கும் ஜிஎஸ்1 அமைப்பின் விதிப்படி, நீளம், அகலம், உயரம், உறையோடு சேர்ந்த மொத்த எடை இவற்றில் ஏதாவது ஒன்று 20 சதவீதத்துக்கு மேல் மாறினால் புது பார்கோடு எண் வேண்டும். பழைய பவுச்சின் உயரம் 24 செ.மீ., புதியது 27 செ.மீ. என்றால் மாற்றம் 12.5 சதவீதம், பழைய எண்ணே தொடரலாம். 30 செ.மீ. ஆனால் 25 சதவீதம்; புது எண் வாங்க வேண்டியதுதான்.

திருத்துவது என்று முடிவானால் அவசரப்பட்டுப் படத்தை மாற்றாதீர்கள். அமேசான் கிடங்கில் பழைய பவுச் இருக்கும்வரை சிலருக்குப் பழையது போகும், சிலருக்குப் புதியது போகும். ஒரே பார்கோடு என்பதால் எடுத்துக் கொடுப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. பழைய ஸ்டாக் தீரும்வரை 'பவுச்சின் வடிவமைப்பு மாறியிருக்கலாம், உள்ளிருக்கும் மாவில் மாற்றமில்லை' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். தீர்ந்ததும் படத்தை மாற்றி, அந்த வரியை எடுத்துவிடலாம்.

படி 3: எடை

இதில் 20 சதவீதக் கணக்கெல்லாம் கிடையாது. லேபிளில் அறிவித்த நிகர எடை எவ்வளவு மாறினாலும் புது பார்கோடு எண், புது லிஸ்டிங். பழைய பக்கத்தில் 500-ஐ 400 ஆக்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். சென்ற மாதம் வாங்கியவர் தன் பழைய ஆர்டரிலிருந்து Buy Again அழுத்துகிறார். பக்கத்தை அவர் மறுபடி படிக்கப் போவதில்லை. 100 கிராம் குறைவாகப் பாக்கெட் வந்து சேர்கிறது. ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் எழுதுவார், அவர் எழுதுவதும் நியாயம்தான்.

கலவை மாறாமல் எடை மட்டும் மாறினால் ஒரு வசதி உண்டு. 500, 400 இரண்டையும் அளவு வேரியேஷனாக ஒரே பக்கத்தின் கீழ் கொண்டுவரலாம். ஒவ்வொன்றுக்கும் தனி ASIN இருக்கும். ஒரே மாவு, இரண்டு அளவு என்பதால் இது விதிக்கு உட்பட்டதே.

படி 4: கலவை

நம் உதாரணத்தில் கனமான விஷயம் இதுதான். இந்திய உணவு லேபிள் விதிகள் 2020, வேர்க்கடலையையும் முந்திரி போன்ற கொட்டைகளையும் ஒவ்வாமைப் பொருள்களாக லேபிளில் அறிவிக்கச் சொல்கின்றன. பழைய ரிவ்யூ ஒன்றில், 'என் பையனுக்கு வேர்க்கடலை ஒத்துக்காது, இதில் அது இல்லை, நிம்மதியாகக் கொடுக்கிறேன்' என்று ஒரு தாய் எழுதியிருக்கலாம். அந்த வரிக்குக் கீழே நீங்கள் வேர்க்கடலை போட்ட மாவை விற்றால், அதை நம்பி வாங்கும் இன்னொரு குழந்தைக்குத்தான் ஆபத்து. எனவே புது லிஸ்டிங், மறுபேச்சே இல்லை.

இங்கே வேரியேஷன் குறுக்குவழியும் ஆகாது. பழையதை நிறுத்திவிட்டு வரும் புதிய பதிப்பைப் பழைய பக்கத்தின் கிளையாக இணைத்து ரிவ்யூவைக் கடன் வாங்குவதை அமேசான் அனுமதிப்பதில்லை. அமெரிக்காவில் 2023-இல் பவுண்டிஃபுல் என்ற சத்துமாத்திரை நிறுவனம் வெவ்வேறு பொருள்களை இப்படி வேரியேஷனாக இணைத்ததற்காக, அந்நாட்டு வர்த்தக ஆணையம் 6 லட்சம் டாலர் கட்ட வைத்தது.

கலவையில் எல்லா மாற்றமும் இப்படியல்ல. கேழ்வரகை வேறு மில்லில் வாங்குகிறீர்கள், லேபிளில் ஒரு எழுத்தும் மாறவில்லை என்றால் லிஸ்டிங்கைத் தொடவே வேண்டாம்.

படி 5: புதியதைப் போடுவது

ஆக நம் சத்துமாவுக்குப் புது லிஸ்டிங். முதலில் ஜிஎஸ்1 இந்தியாவிடம் உங்கள் நிறுவனப் பெயரில் உள்ள தொகுப்பிலிருந்து இதுவரை பயன்படுத்தாத எண் ஒன்றை எடுங்கள். பழைய பொருள் நின்றுபோனாலும் அதன் எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்கக் கூடாது. 2019 முதல் இதுதான் ஜிஎஸ்1 விதி. பழைய எண்ணையே போட்டுப் பார்த்தால் சிஸ்டம் உங்களைப் பழைய ASIN-க்கே கொண்டுபோய் விடும், அல்லது 8541 என்ற பிழை வரும். நீங்கள் கொடுக்கும் விவரமும் அந்த எண்ணுக்கு ஏற்கெனவே பதிவான விவரமும் ஒத்துப்போகவில்லை என்பதே அதன் பொருள். அதைத் தாண்ட இணையத்தில் மலிவாக யாரோ விற்கும் எண்ணை வாங்காதீர்கள். அமேசான் ஜிஎஸ்1 பதிவோடு ஒப்பிடும்போது பிராண்ட் பெயர் பொருந்தாது.

உங்கள் கணக்கில் பொருளை அடையாளம் காண நீங்களே வைக்கும் குறியீடான SKU-வும் புதிதாக வையுங்கள். ஒருமுறை உருவாக்கிய SKU-வை மாற்ற முடியாது என்பதால், பார்த்தவுடன் புரியும்படி இருக்கட்டும்:

```
SATHU-500-PLAIN
SATHU-400-NUTS
```

அமேசான் தரும் பார்கோடு ஸ்டிக்கரை நீங்களே ஒட்டிக் கிடங்குக்கு அனுப்புபவரானால், பழைய SKU-வுக்கு அச்சிட்டு மீந்த ஸ்டிக்கரைப் புதிய பாக்கெட்டில் ஒட்டிவிடாமல் கவனியுங்கள். ஒட்டினால் வேர்க்கடலை மாவு பழைய பக்கத்தின் ஸ்டாக்கில் போய்ச் சேரும். அமேசான் ஊழியர் ஸ்டிக்கரை மட்டுமே ஸ்கேன் செய்வார்.

படி 6: பழையதை நிறுத்துவது

பழைய ஸ்டாக் தீரும்வரை இரண்டு லிஸ்டிங்கும் ஓடட்டும். காலாவதி நெருங்கிவிட்டால் கிடங்கிலிருந்து திரும்ப எடுக்கக் கோரிக்கை வையுங்கள். ஸ்டாக் பூஜ்யமான பிறகு Manage All Inventory பக்கத்தில் Close listing கொடுங்கள். Delete product and listing வேண்டாம். வழியில் இருக்கும் ரிட்டர்ன் பாக்கெட்டுகள் அந்த SKU-வின் பெயரில்தான் திரும்பி வரும்.

முதல் மாதம் Voice of the Customer பக்கத்தில் இரண்டு லிஸ்டிங்கின் கருத்துகளையும் படியுங்கள். பழைய லிஸ்டிங்கில் 'கடலை வாசனை வருகிறது' என்று ஒரே ஒருவர் எழுதியிருந்தாலும் ஸ்டாக் கலந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே அந்த லிஸ்டிங்கை மூடி, மீதமுள்ள பாக்கெட்டுகளைத் திரும்ப வரவழைத்து, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள்.