மாவுக்கடைக் கணக்கில் நிலைச்செலவு எது, மாறும் செலவு எது?

இட்லி மாவு அரைத்து விற்பவர் கரண்ட் பில்லை எந்தப் பக்கம் எழுதுவார்? ஃப்ரிட்ஜ் எப்போதும் ஓடும், அது நிலைச்செலவு; கிரைண்டர் அரைக்கும் அளவுக்கு ஓடும், அது மாறும் செலவு. ஒரே பில்லில் இரண்டும் கலந்திருக்கின்றன. இதுதான் அரை மாறும் செலவு.

பிரிப்பது எளிது. அதிகம் விற்ற மாதத்தையும் குறைவாக விற்ற மாதத்தையும் எடுங்கள். 3,000 கிலோவுக்குக் கரண்ட் பில் 14,000 ரூபாய், 2,000 கிலோவுக்கு 11,000 என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் 1,000 கிலோவுக்கு 3,000 ரூபாய், அதாவது கிலோவுக்கு 3 ரூபாய். 11,000-இல் 2,000 கிலோவுக்கான 6,000 போனால் மீதி 5,000 நிலையான பகுதி.

சரி, ஆள் சம்பளம்? அது படிப்படியாக ஏறும். ஒருவர் மாதம் 3,000 கிலோ வரைதான் அரைக்க முடியும் என்றால், 3,200 கிலோ ஆர்டருக்கு இன்னொருவர் வேண்டும். அவருக்கு 15,000 ரூபாய் என்றால், அந்த 200 கிலோவுக்கு மட்டும் கிலோவுக்கு 75 ரூபாய் கூலி! ஆர்டரை ஒப்புக்கொள்ளும் முன் பார்க்க வேண்டியது இதைத்தான். பழைய ஆளுக்கே ஓவர்டைம் கொடுப்பது மலிவாக இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: இரண்டு மாதங்களுக்கு நடுவே புது ஃப்ரிட்ஜ் வாங்கியிருந்தால் மேலே போட்ட கரண்ட் கணக்கு தப்பாகிவிடும். அதே சாதனங்கள் ஓடிய மாதங்களையே ஒப்பிடுங்கள்.