சிரப் பாட்டிலில் ‘சுகர் ஃப்ரீ’, ‘ஆல்கஹால் ஃப்ரீ’: லேபிளைப் படிப்பது எப்படி?

இருமல் சிரப்பின் முன்பக்கத்தில் ‘சுகர் ஃப்ரீ’ என்று இருந்தால் நீரிழிவு உள்ளவர்கள் பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் குறி சர்க்கரையைப் பற்றி மட்டுமே பேசுகிறது. ஆல்கஹாலுக்குத் தனிக் குறி உண்டு. ஒன்று இருப்பதால் மற்றதும் இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

முதலில் பாட்டிலைத் திருப்பி, மருந்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்ற பகுதியைத் தேடுங்கள். சுக்ரோஸ், குளுக்கோஸ், டெக்ஸ்ட்ரோஸ், ஃபிரக்டோஸ், தேன் ஆகிய எல்லாமே சர்க்கரைதான். ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று எழுதிய பாட்டிலிலும் தேன் இருக்கலாம். வெறும் ‘சிரப் பேஸ்’ என்று மட்டும் போட்டிருந்தால், வேறு விவரம் கிடைக்கும்வரை சர்க்கரைப் பாகு என்றே கொள்ளுங்கள்.

அடுத்து, அளவைப் பெருக்கிப் பாருங்கள். 5 மில்லியில் 3 கிராம் சுக்ரோஸ் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வேளைக்கு 10 மில்லி வீதம் மூன்று வேளை குடித்தால், நாளைக்கு 18 கிராம். அதாவது நான்கு டீஸ்பூனுக்கும் மேல். சாப்பாட்டைக் கணக்குப் பார்த்து இன்சுலின் போடுபவருக்கு இது கணக்கில் வராத சர்க்கரை. உடல் எடை குறைவான குழந்தைக்கு அதே கிராம் ரத்தச் சர்க்கரையை இன்னும் அதிகமாக ஏற்றும். காய்ச்சலே சர்க்கரையை ஏற்றுவதால், ஏறியது சிரப்பாலா நோயாலா என்று பிரித்தறிவதும் கடினம்.

‘சுகர் ஃப்ரீ’ சிரப்பில் இனிப்புக்குப் பெரும்பாலும் சார்பிட்டால், சுக்ரலோஸ், சாக்கரின் போன்றவை இருக்கும். சார்பிட்டால் சர்க்கரையை மெதுவாக, குறைவாகவே ஏற்றும். ஆனால் அளவு கூடினால் வயிற்றுப்போக்கு வரும். இன்சுலின் போட்ட குழந்தைக்கு வயிறு போனால் சாப்பிட்டது உடலில் சேராமல் சர்க்கரை இறங்கிவிடலாம். மருந்து தொடங்கிய பிறகு மலம் இளகினால் இதையும் சந்தேகியுங்கள்.

பிறகு ஆல்கஹால். லேபிளில் ‘எத்தனால்’ என்றும் இருக்கும்; மருந்தைக் கரைக்கவும் கெடாமல் காக்கவும் அதைச் சேர்க்கிறார்கள். ‘எலிக்சர்’ என்ற பெயரைப் பார்த்தால் கட்டாயம் தேடுங்கள். கன அளவில் 5 சதவீதம் என்றால் 10 மில்லியில் 0.5 மில்லி, எடையில் சுமார் 0.4 கிராம். பெரியவருக்கு இது சிறிய அளவுதான். ஆனால் ரத்தச் சர்க்கரை இறங்கும்போது கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் தயாரிப்பதை ஆல்கஹால் தடுக்கும். குழந்தையின் கல்லீரலில் குளுக்கோஸ் சேமிப்பும் குறைவு. அதனால் சரியாகச் சாப்பிடாத குழந்தைக்கும், இன்சுலினோ கிளிமெபிரைடு போன்ற சர்க்கரை குறைக்கும் மாத்திரையோ எடுப்பவருக்கும் ஆல்கஹால் இல்லாததையே கேளுங்கள்.

சுகர் ஃப்ரீ வடிவம் கிடைக்கவில்லை என்று ஆன்டிபயாட்டிக் சிரப்பை நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் மாத்திரை வடிவம் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தச் சர்க்கரையைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, ரத்தச் சர்க்கரையை வழக்கத்தைவிட அடிக்கடி சோதியுங்கள்.

சர்க்கரை தாழ்ந்து வியர்த்து நடுங்கும் நேரத்தில் சுகர் ஃப்ரீ சிரப் உதவாது. அதற்குக் குளுக்கோஸ் தனியாக, கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.