பாஸ்வேர்ட் ரீசெட் மெயில் வரவே இல்லை: காரணம் இடம் மாறிய இரண்டு எழுத்துகள்

அக்காவின் ஷாப்பிங் கணக்குக்குப் பாஸ்வேர்ட் மாற்ற வேண்டியிருந்தது. ரீசெட் கொடுத்தால் மெயிலே வரவில்லை. ஸ்பாமில் இல்லை. ஜிமெயில் தேடல் பெட்டியில் `in:anywhere` என்று போட்டு, பக்கத்தில் கடையின் பெயரையும் சேர்த்துத் தேடினேன். இப்படித் தேடினால் ஸ்பாம், குப்பை, ஃபில்டர் ஒதுக்கியவை எல்லாமே அகப்படும். அதிலும் ஒன்றுமில்லை.

அதுதான் துப்பு. பல மாதங்களாகப் பொருள் வாங்குகிறார், ஆனால் ஒரு பில் மெயில்கூட இல்லை. ஃபில்டர் மட்டும் தடுத்திருந்தால் பழைய மெயில் ஒன்றாவது எங்காவது கிடந்திருக்கும். ஆக, கடையிடம் இருக்கும் முகவரியே வேறு.

“இந்த முகவரியில் கணக்கு இருந்தால் மெயில் வரும்” என்று திரையில் வருவதை நம்ப வேண்டாம். யாருக்குக் கணக்கு இருக்கிறது என்று வெளியாள் கண்டுபிடிக்காதிருக்க, பல தளங்கள் எந்த முகவரிக்கும் அதே பதிலைத்தான் காட்டும்.

நல்லவேளை, அக்காவின் போன் ஆப் லாக்அவுட் ஆகாமல் இருந்தது. புரொஃபைலைத் திறந்தால் `gmail.com` இருக்க வேண்டிய இடத்தில் `gmial.com`. கணக்கு தொடங்கிக் கொடுத்தவர் அப்படி அடித்திருக்கிறார். அது வேறு யாருடைய டொமைனோ. பில்கள் அங்கே போயிருக்கலாம் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. (ஜிமெயிலில் பெயருக்கு நடுவே புள்ளி விடுபட்டால் பரவாயில்லை, அதே பெட்டிக்குத்தான் வரும்.)

போனுக்கு வந்த ஓடிபியைக் கொடுத்து முகவரியைத் திருத்தினோம். அடுத்த ரீசெட் மெயில் வந்தது, ஆனால் ஸ்பாமுக்குள். ‘ஸ்பாம் அல்ல’ என்று குறித்துவிட்டு இணைப்பைத் திறந்தோம். ரீசெட்டைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். பெரும்பாலும் கடைசியாக வந்த இணைப்பு மட்டுமே வேலை செய்யும்.