வைஃபைக்குத் தமிழ்ப் பெயர்: ஒரே ஒரு பைட் பத்தாத கதை

பல்லடம் பக்கம் மச்சானுக்கு ஒரு தறிப்பட்டறை. அங்கே புதிதாக வாங்கிய ரூட்டருக்கு நான்தான் பெயர் வைத்தேன்: தறிப்பட்டறை. ஃபோனை எடுத்துப் பார்த்த மச்சான், "ஏனுங் மாப்ள, கடைசி எழுத்த எலி கடிச்சிருச்சுங்களா?" என்றார். திரையில் இருந்தது இது:

```
தறிப்பட்டற�
```

தப்பு என் மேல்தான். எழுத்தை எண்ணாமல் பெயர் வைத்துவிட்டேன்.

முதலில் எண்ணுங்கள்

வைஃபை பெயருக்கு இருக்கும் இடம் 32 பைட். ஆங்கில எழுத்து, எண், இடைவெளி எல்லாம் ஆளுக்கு ஒரு பைட். தமிழ் இன்று பெரும்பாலும் யூடிஎஃப்-8 முறையில்தான் போகிறது. அதில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். 'த' ஒரு குறி, 3 பைட். 'றி' என்பது ற-வும் இகரக் கொக்கியும் சேர்ந்த இரண்டு குறி, 6 பைட். புள்ளி வைத்தாலும் 6. அகரம் ஏறிய எழுத்தும் உயிரெழுத்தும் 3, மற்றவை 6 என்று வைத்துக்கொண்டால் விரலிலேயே எண்ணிவிடலாம்.

த 3, றி 6, ப் 6, ப 3, ட் 6, ட 3, றை 6. கூட்டினால் 33. ஒன்று அதிகம்! ரூட்டர் அந்தக் கடைசி பைட்டை வெட்டிவிட்டது. ஐகாரக் குறியில் இரண்டு பைட் மட்டும் மிஞ்சியது. அது எந்த எழுத்தும் இல்லை என்பதால் ஃபோன் கறுப்புக் கட்டத்தில் கேள்விக்குறியைப் போட்டுவிட்டது. ரூட்டர் பக்கம் ஏன் முன்பே தடுக்கவில்லை? சில ரூட்டர்கள் பைட்டை விட்டுவிட்டுக் குறிகளை எண்ணுகின்றன. அந்தக் கணக்கில் இது வெறும் 11தானே.

லினக்ஸ் இருந்தால் இப்படியும் பார்க்கலாம்:

```
printf 'தறிப்பட்டறை' | wc -c
```

33 என்று வரும்.

பெயரை மாற்றுங்கள்

'தறிக்கூடம்' என்றால் 30 பைட், பத்திரமாக அடங்கும். உலாவியில் ரூட்டரின் முகவரியைத் திறங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டிலும் இருக்கும். வயர்லெஸ் பகுதியில் எஸ்எஸ்ஐடி என்ற கட்டத்தில் பெயரைப் போட்டுச் சேமியுங்கள். தமிழையே ஏற்காத ரூட்டரும் உண்டு, அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். கடவுச்சொல் மட்டும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக இருக்கட்டும்.

எங்கே கோணலாகத் தெரிகிறது என்று பாருங்கள்

மாற்றிய பிறகு ஃபோனில் அழகாக வந்தது. கணக்கு எழுதும் பழைய லேப்டாப்பில் மட்டும் இப்படி ஆரம்பித்தது:

```
à®¤à®±à®¿
```

இது 'தறி'தான். ரூட்டர் காற்றில் அனுப்புவது வெறும் பைட்டுகள். 'இவை யூடிஎஃப்-8' என்று சொல்லும் ஓர் அடையாளம் 2012-ஆம் ஆண்டு வைஃபை தரத்தில்தான் வந்தது, அதையும் எல்லாக் கருவிகளும் மதிப்பதில்லை. லேப்டாப் ஒவ்வொரு பைட்டையும் ஒரு மேற்கு ஐரோப்பிய எழுத்தாக வாசித்துவிட்டது. தமிழ்க் குறிகள் எல்லாமே à® அல்லது à¯ என்றுதான் தொடங்கும். அதைக் கண்டால் வாசிப்பில்தான் கோளாறு, பெயர் முழுசாக இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். வெறும் கட்டங்களாக வந்தால் அந்தக் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை.

கோணலாகத் தெரிந்தாலும் பட்டியலில் அந்த வரியையே தொட்டால் பெரும்பாலும் இணைந்துவிடும், அதே பைட்டுகளைத்தான் கருவி திருப்பி அனுப்புகிறது. பெயரைக் கையால் தட்டச்சு செய்யும்போதுதான் சிக்கல். 'கொ'-வின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் அடிக்கலாம், எகரக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், ஆனால் ஒன்று 6 பைட், மற்றது 9. ஒரு பைட் மாறினாலும் வைஃபைக்கு அது வேறு ஊர்.

இரண்டு பெயர் வையுங்கள்

பட்டறையின் சிசிடிவி கேமராவை அதன் செயலி வழியாக இணைக்கப் பார்த்தோம். தமிழ்ப் பெயரை அது கடைசி வரை ஏற்கவில்லை. அதனால் பிரதான நெட்வொர்க்குக்கு 'thari' என்று பெயர் வைத்துக் கேமராவையும் பிரிண்டரையும் லேப்டாப்பையும் அதில் போட்டோம். விருந்தினர் நெட்வொர்க்குக்குத் 'தறிக்கூடம்', நூல் கொண்டுவருகிறவர்களின் ஃபோன்களுக்கு. விருந்தினர் பக்கம் இருப்பவர்கள் வழக்கமாகக் கேமராவைத் தொட முடியாது. அதனால் மச்சானின் ஃபோன் மட்டும் 'thari'-யில் இருக்கிறது.