236 என்றால் மூன்று தடவை அழுத்துவது இல்லை

சண்டை விளையாட்டு புதிதாக ஆடத் தொடங்குபவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு சுவரில் முட்டிக்கொள்கிறார்கள். அடிகளின் பட்டியலான மூவ் லிஸ்டைத் திறந்தால் வளைந்த அம்புக்குறி. இணையத்தில் தேடினால் அம்பும் இல்லை, `236P`, `623P` என்று வெறும் எண்கள். கொஞ்ச நேரம் முட்டி மோதிவிட்டு, "எனக்கு விரல் வேகம் போதாது" என்று முடிவுகட்டுகிறார்கள். பெரும்பாலும் வேகத்தில் கோளாறு இருப்பதில்லை, எண்ணை வாசிப்பதில்தான் இருக்கிறது.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 விளையாட்டின் ரியூவை வைத்தே பார்ப்போம். இந்த எண் முறையை விளங்கிக்கொள்ள அவனைவிட நல்ல ஆள் இல்லை. பலரும் செய்யும் தவறுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

போன் கீபேடை மனதில் வைத்து வாசிப்பது

எண்கள் கம்ப்யூட்டர் கீபோர்டின் வலப்பக்க நம்பர் பேடிலிருந்து வந்தவை.

```
7 8 9
4 5 6
1 2 3
```

நடுவில் இருக்கும் 5, ஸ்டிக்கைத் தொடாமல் விட்ட நிலை. 8 மேலே, 2 கீழே, 6 முன்னால், 4 பின்னால், மூலைகள் நான்கும் சாய்வுத் திசைகள். எண்ணுக்குப் பின் வரும் P குத்து, K உதை. ரியூவின் நெருப்புப் பந்து `236P`. லேப்டாப்பில் நம்பர் பேடே இல்லாமல் வளர்ந்தவர்களுக்கு எண் வரிசை என்றதும் நினைவுக்கு வருவது போன்தான். போனில் 1, 2, 3 மேல் வரிசையில் இருக்கும். அந்தப் படத்தோடு 236ஐ வாசித்தால் மேலே, மேல்-முன், முன் என்று ஆகிவிடும். ரியூ எகிறிக் குதிப்பான், நெருப்புப் பந்து வராது. பந்து வீசப்போய் ஆள் குதிக்கிறான் என்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். மேலே உள்ள படத்தை ஒரு தாளில் எழுதி மானிட்டருக்குக் கீழே ஒட்டிவிடுங்கள். அதோடு இந்தப் பிரச்சினை தீர்ந்தது.

236ஐ மூன்று தனி அழுத்தல்களாகப் படிப்பது

இன்னும் எரிச்சல் தருவது இதுதான். ஏனென்றால் இதற்குப் பணமும் போகிறது. கீபோர்டில் அரை மணி நேரம் முயன்று பந்து வராதவர், கீபோர்டு சரியில்லை என்று கன்ட்ரோலர் வாங்குகிறார். அதிலும் வராவிட்டால் ஆர்கேட் ஸ்டிக். பல ஆயிரம் செலவானபின் அதே தவறைப் புது ஸ்டிக்கிலும் செய்கிறார்.

236ஐக் கால் வட்டம், அதாவது வட்டத்தில் நான்கில் ஒரு பங்கு, என்று சொல்வதே, திசை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு உருண்டு போவதால்தான். கீழே இருந்து தொடங்கி, சாய்வு வழியாக, முன்னால் முடிகிறது. நடுவில் உள்ள 3 தனிப் பொத்தான் கிடையாது. கீழும் முன்னும் ஒரே நேரத்தில் அழுந்தியிருக்கும் அந்தச் சிறு கணம்தான் 3. கீபோர்டில் எழுத்து தட்டும் பழக்கம் உள்ளவர் ஒரு விசையை விட்டபிறகே அடுத்ததைத் தொடுவார். அந்தப் பழக்கம்தான் இங்கே 3ஐ விழுங்கிவிடுகிறது.

S கீழே, D வலது என்று வைத்துக்கொள்வோம். ரியூ இடப்பக்கம் நின்று வலப்பக்கம் பார்க்கிறான். S-ஐ அழுத்திப் பிடியுங்கள், இது 2. S-ஐ விடாமலே D-ஐயும் அழுத்துங்கள், இது 3. இப்போது D-ஐ பிடித்தபடி S-ஐ மட்டும் விடுங்கள், இது 6. அந்த 6 வந்ததும் குத்துப் பொத்தான். ஆக, விரல்கள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து போக வேண்டும். முதலில் மெதுவாக, S, S+D, D என்று மூன்று நிலைகளும் கைக்குத் தெரியும்படி செய்து பாருங்கள்.

சரியாகச் செய்கிறோமா என்று ஊகிக்க வேண்டியதில்லை. ட்ரெயினிங் மோடில் நீங்கள் அழுத்துவதை ஓரத்தில் வரிசையாகக் காட்டும் வசதி இருக்கிறது. ஒவ்வொரு திசைக்கும் பக்கத்தில் அது எத்தனை ஃபிரேம் நீடித்தது என்ற எண்ணும் வரும். 60 ஃபிரேம் ஒரு வினாடி. அதை இயக்கிவிட்டு, நடுத்தரக் குத்தான `MP`-யோடு பழகுங்கள். லேசான குத்தைவிட நடுத்தரக் குத்து நல்லது. காரணம், ரியூவுக்கு `6MP` என்றே தனி அடி ஒன்று உண்டு, மேலிருந்து கீழே இறங்கும் காலர்போன் பிரேக்கர். தவறினால் எந்த அடி வருகிறது என்பதே, எங்கே தவறினோம் என்பதைச் சொல்லிவிடும்.

கீழே முதலில் நடந்ததை மேலே வைத்து, அம்புகளுக்குப் பதில் எண்களாக எழுதியிருக்கிறேன். வலது ஓரத்தில் இருப்பது ஃபிரேம் எண்ணிக்கை.

```
2       6
3       4
6 MP    3     -> நெருப்புப் பந்து

2       6
5       2
6 MP    5     -> காலர்போன் பிரேக்கர்

2       6
3 MP    4     -> குனிந்த நடுத்தரக் குத்து
6       8
```

இரண்டாவதில் 3 இருக்க வேண்டிய இடத்தில் 5 இருக்கிறது பாருங்கள். S-ஐ விட்டபின் D-ஐத் தொட்டதால் நடுவில் இரண்டு ஃபிரேம் எதுவுமே அழுந்தவில்லை. 2 இருக்கிறது, 6 இருக்கிறது, இணைப்பு இல்லை. விளையாட்டின் கண்ணுக்கு நீங்கள் முன்னால் தள்ளிக் குத்தியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். கன்ட்ரோலரில் கட்டை விரலைத் தூக்கித் தூக்கி வைப்பவர்களுக்கும் இதே படம்தான் வரும். விரலைத் தூக்காமல் கீழிருந்து முன்னுக்கு உருட்ட வேண்டும்.

மூன்றாவது வேறு ரகம். திசை மூன்றும் சரி, பொத்தான் அவசரப்பட்டுவிட்டது. 1, 2, 3 எதில் இருந்தாலும் ஆள் குனிந்திருப்பதால் குனிந்த குத்து வருகிறது. இதைச் செய்பவர்கள் இன்னும் வேகமாகச் செய்யப் பார்ப்பார்கள், அது இன்னும் கெடும். பொத்தானை மட்டும் ஒரு துளி தாமதப்படுத்துங்கள். திசை 6க்கு வந்தபின் குத்த உங்களுக்குச் சில ஃபிரேம் அவகாசம் இருக்கிறது.

நான்காவதாக ஒன்று உண்டு. பட்டியலில் 2, 3, 6 எல்லாம் அழகாக இருக்கும், ஆனாலும் காலர்போன் பிரேக்கர் வரும். அப்போது ஃபிரேம் எண்ணைப் பாருங்கள். 6க்குப் பக்கத்தில் 20, 25 என்று நின்றால், திசை முடிந்து வெகுநேரம் கழித்துப் பொத்தான் வந்திருக்கிறது என்று பொருள். அதற்குள் விளையாட்டு அந்தக் கால் வட்டத்தை மறந்துவிட்டது.

ஸ்டிக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: ஸ்டிக்கின் அசைவுக்கு எல்லையாக இருக்கும் சதுர வேலியின் மூலையில் போய் இடிக்க வேண்டியதில்லை. மூலையைத் தேடி இடித்தால் கை அங்கேயே நின்றுவிடும், 6க்கு வராது.

623ஐ "6, அப்புறம் ஒரு 236" என்று நினைப்பது

ரியூ எழும்பிக் குத்தும் அடியான ஷோர்யுக்கென் `623P`. கடைசி எண் 3. முன்னால், கீழே, கீழ்-முன் என்று போய் அங்கேயே நின்று குத்த வேண்டும். கால் வட்டம் கைக்குப் பழகியவர்கள் 6க்குப் பின் அதையே சுற்றி 6236 என்று முடிப்பார்கள். சில நேரம் ஷோர்யுக்கென் வரும், சில நேரம் பந்து வரும். அதனால் விளையாட்டு மீது சந்தேகம் எழும். கீபோர்டில் D-ஐத் தட்டி விடுங்கள், S-ஐப் பிடியுங்கள், S-ஐப் பிடித்தபடியே D-யும் குத்தும் சேர்ந்து வரட்டும். கடைசியில் S மேலெழக் கூடாது.

இதன் மறுபக்கம் இன்னும் குழப்பும். எதிராளியை நோக்கி நடந்துகொண்டே 236 போட்டால் ஷோர்யுக்கென் வந்துவிடுகிறது என்று புலம்பாதவர் இல்லை. நடப்பது என்றால் 6ஐப் பிடித்திருப்பது. அதிலிருந்து நேராக 2, 3, 6 போனால் விளையாட்டுக்குத் தெரிவது 6, 2, 3, பின் ஒரு 6. அதற்குள் ஒரு 623 முழுதாக உட்கார்ந்திருக்கிறது, அதற்குத்தான் முன்னுரிமை. நடையை நிறுத்தி, கையை 5க்கு விட்டு, சற்றுப் பொறுத்து 236 தொடங்குங்கள். பழைய 6 காலாவதியாகிவிடும்.

வலப்பக்கம் போனதும் எண்ணை மாற்றி எழுதுவது

எண்கள் எப்போதும் ஆள் வலப்பக்கம் பார்ப்பதாக வைத்தே எழுதப்படுகின்றன. நீங்கள் வலது ஓரத்தில் நின்று இடப்பக்கம் பார்த்தாலும் அது 236தான். கைதான் கீழ், கீழ்-இடது, இடது என்று போகும். சிலர் குறிப்பேட்டில் "வலப்பக்கம் என்றால் 214" என்று எழுதி வைக்கிறார்கள். ரியூவுக்கு `214P` என்று வேறு ஒரு அடியே இருக்கிறது. இரண்டு நாள் கழித்து எது எது என்று அவர்களுக்கே புரியாது. வலது, இடது என்ற சொற்களையே விடுங்கள். முன், பின் என்று மட்டும் படியுங்கள்.

5 பொத்தானைத் தேடுவது

இல்லை. `5MP` என்றால் எதையும் தொடாமல் நின்றபடி குத்துவது.

சதுர அடைப்பைக் கவனிக்காமல் விடுவது

அதே விளையாட்டில் கைல் என்று இன்னொரு ஆள். அவனுடைய சோனிக் பூம் `[4]6P`. அடைப்புக்குள் இருக்கும் திசையைப் பிடித்து வைத்திருக்க வேண்டும், ஒரு வினாடிக்குக் கொஞ்சம் குறைவாக. பின்னால் ஒரு தட்டு, முன்னால் ஒரு தட்டு என்று படித்தால் வெறும் குத்துதான் வரும். பிடித்தபின் 6ம் பொத்தானும் கிட்டத்தட்ட ஒன்றாகப் போக வேண்டும். மூலைக்கு இங்கே நல்ல பயன் உண்டு. 1 என்பது பின்னும் கீழும் சேர்ந்தது, ஆகவே 1இல் குனிந்து காத்திருந்தால் `[4]6P`, கைலின் சம்மர்சால்ட்டான `[2]8K` இரண்டுக்கும் ஒரே நேரத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். கைல் ஆட்டக்காரர்கள் எந்நேரமும் குந்தியிருப்பது இதற்காகத்தான்.

டெக்கனுக்கும் இதே கணக்கைப் போடுவது

டெக்கன் வேறொரு சண்டை விளையாட்டு. அதன் லிஸ்டில் 1, 2, 3, 4 திசைகள் அல்ல, பொத்தான்கள். 1 இடக்கைக் குத்து, 2 வலக்கைக் குத்து, 3 இடக்கால், 4 வலக்கால். முன், பின், கீழ், மேல் திசைகள் முறையே `f`, `b`, `d`, `u` என்று எழுத்தில் வரும். `d/f+2` என்றால் கீழ்-முன் சாய்வோடு வலக்கைக் குத்து. `1,2` என்பதை நம்பர் பேடாகப் படித்தால் சும்மா குனிந்துதான் நிற்பீர்கள். அங்குள்ள ஆளான காஸுயாவின் `f,n,d,d/f+2` போன்றவற்றில் இருக்கும் `n` அலங்காரம் அல்ல. அங்கே கையை நிஜமாகவே நடுவுக்கு விட வேண்டும்.

மாடர்ன் கன்ட்ரோலை வைத்துக்கொண்டு கிளாசிக் குறிப்பைப் படிப்பது

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 விளையாட்டில் மாடர்ன், கிளாசிக் என்று கன்ட்ரோல் அமைப்புகள் உண்டு. லேசான, நடுத்தர, பலமான குத்துகளான `LP`, `MP`, `HP` எல்லாம் கிளாசிக்கில்தான். அமைப்பைப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.