துருவத்தின் மேலே திடீர் வெப்பம், தெற்கே கடுங்குளிர்: இடையில் நாம் செய்யும் தவறுகள்

2018 பிப்ரவரி 12 அன்று, வட துருவத்தைச் சுற்றி ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து வீசிக்கொண்டிருந்த காற்று திசைமாறிக் கிழக்கிலிருந்து வீசத் தொடங்கியது. அம்மாத இறுதியில் பிரிட்டன் பனிப்புயலில் முடங்கியது. 26ஆம் தேதி ரோம் நகரில் பனி பொழிந்தது. இந்த இரண்டு நிகழ்வுகளையும் இணைத்துப் பேசுவது சரிதான். ஆனால் இணைக்கும் விதத்தில்தான் பலரும் தவறுகிறார்கள்.

முதல் தவறு, உயரத்தில் அடைபட்டிருந்த குளிர்காற்று உடைந்து கீழே கொட்டுவதாக எண்ணுவது. துருவச் சுழல் என்பது குளிர்காலத்தில், வானிலை நிகழும் கீழடுக்குக்கு மேலே, ஸ்ட்ராட்டோஸ்பியர் எனப்படும் மீளடுக்கில் துருவத்தைச் சுற்றி ஓடும் பெருங்காற்று வளையம். இமயமலை, திபெத் பீடபூமி, ராக்கி மலைத்தொடர் போன்ற மேடுகளாலும், நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டாலும் கீழே காற்றில் எழும் பேரலைகள் மேலேறிச் சென்று, கடற்கரையில் அலை உடைவதுபோல அங்கே உடைகின்றன. ஒவ்வொரு முறை உடையும்போதும் சுழலின் வேகம் குறைகிறது. வேகம் குறையக் குறையக் காற்று துருவத்தை நோக்கி நகர்ந்து, அதற்கு நேர்மேலே கீழிறங்குகிறது. சைக்கிள் பம்பை அழுத்தும்போது அதன் அடிப்பகுதி சுடுவதைக் கையால் உணர்ந்திருப்போம். இறங்கும் காற்றும் அவ்வாறே அழுத்தப்பட்டுச் சூடாகிறது. சில நாள்களிலேயே வெப்பநிலை 40, 50 டிகிரி செல்சியஸ்கூட உயர்ந்துவிடும். இதுவே திடீர் வெப்பமாதல். அதாவது, வெப்பம் சுழலை உடைக்கிறது என்பதைவிட, சுழல் உடைவதன் விளைவாகவே வெப்பம் தோன்றுகிறது என்பதே பொருத்தம்.

இவ்வாறு இறங்கும் காற்று தரையை எட்டுவதில்லை. 30 கிலோமீட்டர் உயரத்துக்கு மேலே இருப்பது வளிமண்டலத்தின் மொத்த நிறையில் நூற்றில் ஒரு பங்குதான். கீழே வருவது காற்று அல்ல, காற்றோட்டத்தின் மாற்றம். பேரலைகள் மேற்குக் காற்றின் ஊடாகத்தான் மேலேற முடியும். காற்று திசைமாறிய உயரத்தை அவை கடக்க முடியாமல், அதற்குச் சற்றுக் கீழேயே உடைகின்றன. அதனால் அங்கும் காற்று பலவீனமாகிறது. மாற்றம் இப்படிப் படிப்படியாக இறங்கி மீளடுக்கின் அடிப்பகுதியை எட்டினால், அதற்குக் கீழே மேற்கிலிருந்து கிழக்காக விரையும் ஜெட் காற்றோட்டம் தெற்கே விலகி வளைந்து நெளிகிறது. 2018இல் சுழல் இரண்டாகப் பிளந்தது. பின்னர் ஸ்காண்டிநேவியாவின் மேல் உயர் அழுத்தம் நிலைகொண்டு, ரஷ்யப் பகுதியில் தரையை ஒட்டி ஏற்கெனவே உறைந்து கிடந்த காற்றை மேற்கே ஐரோப்பாவுக்குத் தள்ளியது. குளிர் எங்கும் புதிதாக உருவாகவில்லை. இருந்த குளிருக்கு வழி திறந்தது, அவ்வளவுதான். அதே நாள்களில் கிரீன்லாந்தின் வடமுனையில் வெப்பநிலை உறைநிலைக்கு மேலே சென்றது. ஒரு பக்கம் குளிர்காற்று தெற்கே வழிந்தால், மற்றொரு பக்கம் இளஞ்சூட்டுக் காற்று வடக்கே புகுந்தாக வேண்டும்.

இரண்டாவது தவறு, வெப்பமாதல் நிகழ்ந்த நாளிலேயே குளிரை எதிர்பார்ப்பது. பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். அதன் தாக்கம் இரண்டு மாதம் வரைகூட நீடிக்கலாம். 2018இல் ஏறத்தாழ இரண்டே வாரத்தில் விளைவு தெரிந்தது, சற்று விரைவுதான்.

மூன்றாவதுதான் செய்திகளில் அதிகம் காணப்படும் தவறு: எந்தக் கடுங்குளிர் வந்தாலும் துருவச் சுழல் உடைந்துவிட்டது என்று எழுதிவிடுவது. 2014 ஜனவரியில் அமெரிக்கா உறைந்தபோது அந்தச் சொல் எங்கும் பரவியது. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் காற்று திசைமாறும் அளவுக்குப் பெரிய வெப்பமாதல் நிகழவே இல்லை. மக்கள் அப்போது துருவச் சுழல் என்று அழைத்தது, பெரும்பாலும் ஜெட் காற்றோட்டத்தின் வளைவைத்தான். வெப்பமாதல் நிகழ்ந்தாலும் அது தரையைத் தொடும் என்ற உறுதி இல்லை. ஏறத்தாழ மூன்றில் ஒன்று மேலேயே அடங்கிவிடுகிறது.

இவ்விடத்தில் மிகவும் ஏமாற்றக்கூடிய உதாரணம் 2019. ஜனவரி தொடக்கத்தில் பெரிய வெப்பமாதல். 30ஆம் தேதி சிகாகோவில் மைனஸ் 31 டிகிரி. நாள் கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் காற்றழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கலாக இருக்கும், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்தில் தொடங்கிய மாற்றம் கீழிறங்குகிறதா என்று உயரவாரியாகத் தொடர்ந்து பார்த்தால், அது கீழடுக்கில் நிலையாக ஊன்றவில்லை என்பது தெரியும். ஆகவே 60 பாகை வட அட்சரேகையில் காற்று திசைமாறியது என்ற ஒற்றைச் செய்தியோடு நிறுத்திக்கொள்ளாமல், அடுத்த வாரங்களில் அதைவிடக் கீழே, காற்றழுத்தம் 100 ஹெக்டோபாஸ்கலாக இருக்கும் மட்டத்திலும் மேற்குக் காற்று தளர்ந்ததா, ஆர்க்டிக் பகுதியில் தரையழுத்தம் வழக்கத்தைவிட உயர்ந்து நீடித்ததா என்று பார்க்க வேண்டும். 2018இல் இரண்டுமே நடந்தன.