முதல்முறை கையைப் பிடிக்கும்போது செய்யக்கூடாதவை

நிச்சயம் முடிந்து கல்யாணத்துக்குக் காத்திருக்கும் ஜோடிகளிடம் பேசுவது காரைக்குடியில் என் வேலை. வியர்த்த கையைத் துடைத்துக்கொள் என்பது போன்றவை யாரும் சொல்லாமலே தெரியும், விட்டுவிடுகிறேன்.

"கையை இழுக்கலையே, அப்ப சம்மதம்தானே?"

இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். ஒரு ஜோடி வீட்டாரோடு குன்றக்குடிக்குப் போயிருக்கிறார்கள். மலைப்படி இறங்கும்போது மாப்பிள்ளை சட்டென்று அவள் கையைப் பிடித்தார். பின்னால் அவருடைய அயித்தையும் சித்தியும் வருகிறார்கள். அடிவாரம் வரை விடவில்லை. அன்று இரவிலிருந்து அவள் போனை எடுக்கவில்லை. "கையைக் கொடுத்தா, அப்புறம் என்ன கோவம்?" என்று என்னிடம் வந்து நின்றார். அவளைக் கேட்டால், "உதறினா எல்லாரும் பாப்பாங்க ஆச்சி. என்ன செய்யறதுன்னே தெரியல, கையே மரத்துப்போச்சு" என்கிறாள்.

திகைப்பு வந்தால் எல்லோரும் விலகிவிடுவதில்லை. சிலருக்கு உடம்பு அப்படியே உறைந்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, முடியட்டும் என்று காத்திருப்பார்கள். அவரிடம் இரண்டு விஷயம் கேட்டேன். அவள் விரல் மடங்கி உங்கள் கையைப் பற்றியதா? பேசிக்கொண்டே வந்தாளா? யோசித்துவிட்டு, "இல்ல, விறைப்பா இருந்துச்சு. பேச்சும் நின்னுபோச்சு" என்றார். எல்லாம் கையிலேயே தெரிந்திருக்கிறது.

தொடுவதற்கு முன்பும் சில தெரியும். பக்கத்தில் நடக்கையில் தோளை ஒதுக்குவது, கைப்பையை உங்கள் பக்கத் தோளுக்கு மாற்றுவது, ஒற்றை வார்த்தையில் பதில் சொல்வது. ஆனால் பையை வலியினால்கூட மாற்றலாம். தானாக நெருங்கி நடப்பதும் விருப்பமாக இருக்கலாம், தெரு குறுகலாகவும் இருக்கலாம். ஆகவே வாய்விட்டுக் கேட்பதுதான் நிச்சயம்.

அவரும் அடுத்த முறை அப்படித்தான் கேட்டார். கானாடுகாத்தானில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது உள்ளங்கையை மேலே பார்க்க நடுவில் வைத்து, "கையைப் பிடிச்சுக்கட்டுமா? இன்னிக்கு வேணாம்னாலும் ஒண்ணுமில்ல" என்றாராம். "இப்ப வேணாம்" என்றாள். "சரி" என்று கையை எடுத்துக்கொண்டு, ஆத்தங்குடிக் கல்லில் எந்தப் பூ நன்றாயிருக்கும் என்ற பேச்சைத் தொடர்ந்தார். கிளம்பும் முன் அவளே இரண்டு விரலை நீட்டினாள். கொஞ்ச நேரத்தில் எடுத்தும்கொண்டாள். அவர் இறுக்கவில்லை.

கூட்டத்தில் கேட்பது

வேண்டாம்.

மறுத்ததும் காரணம் கேட்பது

"ஏன், என்னைப் பிடிக்கலையா?" என்று கேட்டால் அவள் உங்களைச் சமாதானப்படுத்தத்தான் கையைக் கொடுப்பாள்.

பிடித்த பிறகு கவனிக்காமல் இருப்பது

விரல் தளர்ந்தால் விட்டுவிடுங்கள். "இப்படி இருக்கலாமா?" என்று மெதுவாக ஒருமுறை கேட்கலாம். நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்டால் அதுவும் தொல்லைதான். அடுத்த தடவை பார்க்கும்போது மறுபடி கேளுங்கள். போன தடவை சொன்ன சரி போன தடவைக்கு மட்டும்தான்.